கூப்பன் போட்டால் விலை ஏறுமா?

சில நேரம் ஏறும். 5,200 ரூபாய்க்கு ஒரு மிக்ஸி என்று வைத்துக்கொள்வோம். குறிப்பிட்ட வங்கியின் கிரெடிட் கார்டில் வாங்கினால் 10 சதவீதம் தள்ளுபடி. ஆனால் குறைந்தது 5,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும். கூடவே 300 ரூபாய் கூப்பனும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் போடத்தான் யாருக்கும் தோன்றும். கூப்பனைப் போட்டதும் தொகை 4,900 ஆகிவிடும். வங்கிச் சலுகையோ பெரும்பாலும் கூப்பன் போக மிஞ்சும் தொகையைத்தான் பார்க்கும். 5,000 இல்லாததால் அது சத்தமில்லாமல் விலகிக்கொள்ளும். கூப்பனைத் தொடாமல் விட்டிருந்தால் 520 ரூபாய் குறைந்து 4,680 ரூபாயில் வேலை முடிந்திருக்கும். கிஃப்ட் கார்டில் இருக்கும் பணத்தைப் பாதிக்குக் கொடுத்துவிட்டு மீதியை வங்கிக் கார்டில் கட்டுகிறவர்களும் இதே இடத்தில்தான் இடறுகிறார்கள்.

பொருள் பெரிதானால் கணக்கு இன்னும் சுவாரசியமாகும். பண்டிகை விற்பனையில் ஒரு வாஷிங் மெஷின் 24,000 ரூபாய். கூப்பனில் ஆயிரம் போனால் 23,000. கார்டுக்கு 10 சதவீதம் என்றால் 2,300 குறைய வேண்டும். ஆனால் சிறிய எழுத்தில் ‘அதிகபட்சம் 1,500’ என்று இருக்கும். ஆக 21,500. அதே கார்டு 5 சதவீதம் கேஷ்பேக் தருகிறது என்றால் இன்னொரு 1,075 ரூபாய் கழித்து 20,425. மனதில் பதிவது இந்த எண்தான்.

ஆனால் இன்று அக்கவுண்டிலிருந்து போவது 21,500. கேஷ்பேக் ஸ்டேட்மென்ட்டில் வரவாக விழுமா, அந்தக் கடையின் வாலெட்டில் ஏறுமா என்பதை நிபந்தனைகளில் பார்த்தாக வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் கழிந்தால் அது பணம். வாலெட்டில் வந்து குறிப்பிட்ட நாளுக்குள் காலாவதியாகும் என்றால் நான் அதைப் பாதி மதிப்புக்கு மேல் எடுத்துக்கொள்வதில்லை. அதைச் செலவழிக்க இன்னொன்று வாங்க வேண்டுமே!

இப்போது திரையில் ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ என்ற பொத்தான் தெரிகிறது. ஆறு மாதத் தவணை, வட்டி இல்லை என்கிறார்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வழக்கம்போல வட்டி போடுகிறது, அந்த வட்டிக்கு ஈடான தொகையைக் கடை முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கிறது. ஆண்டுக்கு 16 சதவீதம் என்றால் நம் 21,500-க்குள் ஒளிந்திருக்கும் வட்டி ஏறக்குறைய 975 ரூபாய். இதைக் கடை ஏற்றுக்கொள்ளும். ஆனால் அந்த வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, சுமார் 175 ரூபாய், நம் தலையில். வங்கி 199 ரூபாய் பிராசஸிங் கட்டணம் வாங்கினால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்ந்து 235. மொத்தம் 410 ரூபாய் கூடுதல். பல கார்டுகளில் தவணைக்கு மாற்றிய செலவுக்குக் கேஷ்பேக் கிடையாது என்பதால் அந்த 1,075-ம் போய்விடும். 20,425 என்று நினைத்த மெஷினுக்குக் கடைசியில் கொடுப்பது 21,910.

இதே மெஷினைத் தெருமுனைக் கடைக்காரர் 21,800-க்கு, பொருத்திக் கொடுத்து, பழுதானால் நேரில் கேட்கும் வசதியோடு தருவார் என்றால் கார்டு வித்தையெல்லாம் வீண். பேரம் பேசிப் பார்க்காமலேயே திரையை நம்புகிறவர்கள்தான் அதிகம்.

தவணை வேண்டாம், மொத்தமாக ஸ்வைப் செய்துவிடலாம் என்றால் கெடு தேதிக்குள் முழுப் பில்லையும் கட்ட வேண்டும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால், மாதம் மூன்றரை சதவீத வட்டி போடும் கார்டில் 21,500-க்கு ஒரு மாதத்துக்கே சுமார் 750 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் கிட்டத்தட்ட 890. இரண்டு மாதம் இழுத்தால் கூப்பனும் கேஷ்பேக்கும் சேர்ந்து கொடுத்ததில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

குறைந்தபட்சத் தொகையை எட்டுவதற்காகத் தேவையில்லாத ஒன்றைக் கூடையில் போட்டு, பிறகு திருப்பி அனுப்பிவிடலாம் என்று சிலர் திட்டமிடுவார்கள். திருப்பித் தரும் தொகையில் அந்தப் பொருளின் பங்குக்கான தள்ளுபடியைக் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். சில சலுகைகளில், மிஞ்சும் பொருள் குறைந்தபட்சத்துக்குக் கீழே இறங்கினால் மொத்தச் சலுகையும் ரத்தாகும். தவணையில் வாங்கியதைத் திருப்பினால் பிராசஸிங் கட்டணமும் அதன் ஜிஎஸ்டியும் பெரும்பாலும் வங்கியிடமே தங்கிவிடும்.