கோதுமையின் ஈரமும் கப்ரா வண்டும்



அறுவடைக்குப் பிந்திய தொழில்நுட்பம் பயிலும் மாணவர்களுக்குத் தேர்வில் வரக்கூடிய வினா ஒன்று உண்டு. “16 சதவீத ஈரமுள்ள 1,000 கிலோ கோதுமையை 12 சதவீதத்திற்கு உலர்த்தினால் எடை எவ்வளவு? அவ்வாறு உலர்த்திய தானியத்திலும் வண்டு காண்பது ஏன்?” வடநாட்டில் குடியேறி ஆண்டுக்கு வேண்டிய கோதுமையை மொத்தமாக வாங்கி வைக்கும் நம்மவர்க்கும் இது உதவும் வினாவே.

நான்கு சதவீதம் குறைவதால் 40 கிலோ நீர் போயிற்று என்று பலர் எழுதிவிடுவர். அது பிழை. முதலில் நீர் 160 கிலோ. நீர் நீங்கிய உலர்பொருள் 840 கிலோ. உலர்த்தும்போது உலர்பொருள் குறைவதில்லை. முடிவில் அந்த 840 கிலோ, மொத்த எடையில் 88 சதவீதமாக இருத்தல் வேண்டும். ஆகவே எடை ஏறக்குறைய 954.5 கிலோ, வெளியேறிய நீர் 45.5 கிலோ.

இனி இரண்டாம் பகுதி. 12 சதவீதம் என்னும் வரம்பு பெரும்பாலும் பூசணத்தைத் தடுக்கும் வரம்பேயன்றிப் பூச்சியைத் தடுப்பதன்று. அரிசி வண்டு அந்த ஈரத்திலும் மெதுவாகப் பெருகும். பெண் வண்டு மணியைத் துளைத்து முட்டையிட்டுத் துளையை அடைத்துவிடுகிறது. புழு உள்ளேயே வளர்வதால், பார்வைக்குப் பழுதற்ற மணியிலிருந்து சில வாரங்களில் வண்டு புறப்படும். ஒரு பிடி மணியை நீரிலிட்டால், உள்ளீடு அரிக்கப்பட்டவை பெரும்பாலும் மிதக்கும்.

கப்ரா வண்டு இன்னும் கொடியது. மிக உலர்ந்த தானியத்திலும் அதன் புழு வாழும். வெப்பமும் அதற்கு உகந்தது. உணவின்றிச் சுவர் வெடிப்பிலும் பழஞ்சாக்கின் மடிப்பிலும் நெடுநாள் ஒடுங்கிக் கிடக்கும். மூட்டையின் மேல் உதிர்ந்த புழுத்தோல்கள் குவிந்திருந்தால் அதன் வருகையை அறியலாம். எனவே தானியத்தை மட்டும் உலர்த்திவிட்டு, பழஞ்சாக்கை அப்படியே பயன்படுத்துவோரின் உழைப்பு வீணாகும். சாக்கைக் கொதிநீரில் அமிழ்த்தி வெயிலில் நன்கு காயவைக்க வேண்டும். வெடிப்புகளைப் பூச வேண்டும்.

மழைக்காலத்தில் உலர்ந்த கோதுமையும் காற்றின் ஈரத்தை மீண்டும் ஈர்த்துக்கொள்ளும். சாக்கு அதனைத் தடுக்காது. இறுக மூடும் தகரக் குதிரே தடுக்கும். வெயிலில் உலர்த்திய கோதுமையைச் சூடு ஆறியபின்னரே அதில் கொட்டுக. சூட்டோடு மூடினால் உள்ளே நீர்த்துளி படிந்து மேலடுக்கு கட்டிபிடிக்கும். சாக்கிலேயே வைப்போர், மூட்டைகளை மரப்பலகை மீது, சுவரைத் தொடாமல் அடுக்குதல் நன்று.

பதினைந்து நாளுக்கொருமுறை மணிக்குவியலினுள் கையை விட்டுப் பாருங்கள். உள்ளே வெதுவெதுப்போ முடைநாற்றமோ இருந்தால் அன்றே வெளியே எடுத்துப் பரப்பிவிடுக. நச்சுப்புகை மாத்திரைகளை வீட்டினுள் ஒருபோதும் வைக்கலாகாது; அவை வெளியிடும் வாயு மனிதரையும் கொல்லும்.