மனு எழுதுவதற்கு முன் ஏழு நாள்
ஒரு குடிநீர்த் தொட்டியின் கதை

ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திற்குக் கொண்டுவரும் மனுக்களில் பெரும்பாலானவை ஒரே வடிவில் இருக்கின்றன. "எங்கள் ஊரில் குடிநீர் சுத்தமாக இல்லை, தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்" என்பது போன்ற ஒரு வாக்கியமே மனு முழுவதும். இதைப் பெறும் அலுவலர் என்ன செய்ய முடியும்? ஊராட்சிக்கு எழுதுவார். ஊராட்சியிலிருந்து "முறைப்படி குளோரின் கலக்கப்படுகிறது" என்று பதில் வரும். பதிவேட்டிலும் அவ்வாறே இருக்கும். கோப்பு முடிந்துவிடும், நீர் மட்டும் முன்போலவே இருக்கும்.

இதற்கு மாறாக, 2023ஆம் ஆண்டு என்னிடம் வந்த ஒரு மனுவைப் பற்றி இங்கே விளக்க விரும்புகிறேன். கொண்டுவந்தவர் ஒரு பெண் வார்டு உறுப்பினர். ஒரு வேலை நடைபெறும் முறையை மாற்ற வேண்டுமென்று மேலதிகாரியிடம் கேட்பது எப்படி என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டாகும்.

குறை எது என்று அறிதல்

அவ்வூரில் 30,000 லிட்டர் கொள்ளும் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி ஒன்று உண்டு. தரைமட்டத் தொட்டியில் சேரும் நீரை மோட்டார் மேலே ஏற்றுகிறது. தொட்டி இயக்குபவர் காலையில் ஏணியில் ஏறி 120 கிராம் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றிவிட்டு இறங்குவார். ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் என்னும் கணக்கு அது. தரமான பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். ஆகவே 120 கிராமில் 40 கிராம் குளோரின். அதாவது லிட்டருக்கு ஏறக்குறைய 1.3 மில்லிகிராம். நீரிலும் குழாயிலும் உள்ள அழுக்கு இதில் ஒரு பகுதியை உட்கொண்டபின், கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும். எஞ்சியிருந்தால் நீர் காப்புடன் வந்திருக்கிறது என்று பொருள்.

உறுப்பினர் முதலில் என்னிடம் வந்தபோது, தானாகக் குளோரின் கலக்கும் இயந்திரம் ஒன்று வாங்கித் தர வேண்டுமென்றே கேட்டார். தெருக்கோடி வீடுகளில் குழந்தைகளுக்கு அடிக்கடி வயிற்றுப்போக்கு வருகிறது என்பது அவருடைய கவலை. "இயந்திரம் பிறகு இருக்கட்டும் அம்மா. குறை எந்த இடத்தில், எந்த நேரத்தில் என்று ஏழு நாள் பார்த்து வாருங்கள்" என்று கூறினேன்.

ஊராட்சியில் குளோரின் சோதனைப் பெட்டி இருந்தது. ஜல் ஜீவன் திட்டத்தில் நீர்ச் சோதனைக்குப் பயிற்சி பெற்ற பெண்களும் இருந்தார்கள். அவர்கள் தொட்டிக்கு அருகிலுள்ள ஒரு குழாயிலும், கடைசி வீட்டுக் குழாயிலும், காலை ஒருமுறை மாலை ஒருமுறை நீர் எடுத்துப் பார்த்தார்கள். குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பிறகே நீரைப் பிடிக்க வேண்டும். மருந்துத் துளிகளை விட்டதும் தோன்றும் மஞ்சள் நிறத்தைப் பத்து விநாடிகளுக்குள் அட்டையுடன் ஒப்பிட வேண்டும். நேரம் கடந்தால் நிறம் மேலும் ஏறி, இல்லாத குளோரினை இருப்பதாகக் காட்டிவிடும்.

ஏழு நாள் கணக்கு வந்தது. காலையில் கடைசிக் குழாயில் ஆறு நாட்கள் 0.2க்குக் குறையவில்லை. மாலையிலோ ஒரே ஒரு நாள்தான் அந்த அளவு இருந்தது. இங்கே கவனிக்க வேண்டியது, மாலையில் தொட்டிக்கு அருகிலுள்ள குழாயிலும் குளோரின் இல்லை என்பதே. அருகில் இருந்து கோடியில் இல்லாவிட்டால் குறை குழாய்ப் பாதையில்; எங்கேனும் உடைப்போ கசிவோ தேட வேண்டும். இரண்டு இடத்திலும் இல்லாவிட்டால் குறை தொட்டியிலேயே இருக்கிறது.

காரணம் விரைவில் புலப்பட்டது. காலை நீர் தீர்ந்தபின், பிற்பகல் மும்முனை மின்சாரம் வந்ததும் தொட்டி மறுபடி நிரப்பப்படுகிறது. அந்த இரண்டாம் தொட்டி நீருக்குப் பவுடர் சேர்ப்பார் இல்லை. பதிவேட்டில் "நாள்தோறும் குளோரின் கலக்கப்பட்டது" என்று எழுதியிருந்தது பொய்யன்று. நாளுக்கு ஒருமுறை என்றுதான் முறையே வகுக்கப்பட்டிருந்தது.

வேலை செய்பவரைக் கேட்டல்

"அப்படியானால் இரண்டாம் முறையும் ஏறி ஊற்றட்டும்" என்று உத்தரவிடுவது எளிது. உறுப்பினர் அவ்வாறு கேட்கவில்லை. இயக்குபவரிடமே சென்று பேசினார். அவர் ஐம்பது வயதைக் கடந்தவர். "பிற்பகல் வெயிலில் இரும்பு ஏணி கொதிக்கும் அம்மா. அந்த நேரத்தில் பக்கத்துக் குக்கிராமத்து மோட்டாரையும் நான்தான் போட வேண்டும்" என்றார். வழியையும் அவரே சொன்னார். மேலே ஏறுவானேன்? தரைமட்டத் தொட்டியில் கரைசலை ஊற்றிவிட்டு மோட்டாரைப் போட்டால், நீரோடு சேர்ந்து அதுவும் மேலே போய்விடுமே!

இயந்திரம் கேட்டு வந்த யோசனை, மூடியுள்ள இரண்டு பிளாஸ்டிக் வாளிகளாகச் சுருங்கிற்று.

மனு

ஊராட்சித் தலைவரிடம் காட்டி அவர் கையொப்பத்தையும் பெற்றபின், உறுப்பினர் எனக்குக் கொடுத்த மனு ஒரு பக்கத்திற்கு மேல் இல்லை. அதன் சாரம் வருமாறு:

"குறை: மாலை விநியோகத்தில் ஏழு நாட்களில் ஆறு நாட்கள் கடைசிக் குழாயில் குளோரின் 0.2க்குக் குறைவு. காரணம்: பிற்பகல் நிரப்பும் நீருக்குப் பவுடர் சேர்க்கப்படுவதில்லை. வேண்டுவது: இரண்டு வேளையும் தரைமட்டத் தொட்டியில் 120 கிராம் பவுடரின் கரைசல் சேர்க்க அனுமதி. சோதனை: இந்த ஒரு தொட்டியில் மட்டும் 28 நாட்கள், காலனித் தொட்டியில் பழைய முறையே தொடரும், இரண்டிலும் மாலைதோறும் கடைசிக் குழாய் சோதிக்கப்படும். வெற்றி: 28இல் 24 நாட்கள் 0.2 அல்லது அதற்கு மேல். நிறுத்துவது: அளவு 1ஐத் தாண்டினாலும், நீர் கலங்கினாலும் அன்றே நிறுத்தித் தெரிவிப்போம். செலவு: இரண்டு வாளி, மாதத்திற்கு 3.6 கிலோ பவுடர் கூடுதல்."

இம்மனுவில் நான் கண்ட சிறப்பு, மறுப்பதற்கு இடம் குறைவாக இருந்ததே. செலவு சிறிது, காலம் வரையறை உள்ளது, தவறினால் பழைய முறைக்கு மறுநாளே திரும்பலாம். எந்த எண்ணைக் கண்டால் வெற்றி, எதைக் கண்டால் தோல்வி என்பது தொடங்கும் முன்பே எழுதப்பட்டிருக்கிறது. முன்பே எழுதாவிட்டால், முடிவில் எந்த எண் வந்தாலும் வெற்றி என்றே சொல்லத் தோன்றும்.

பலன் என்னும் பகுதியில் மட்டும் ஒரு திருத்தம் செய்தேன். "வயிற்றுப்போக்கு பாதியாகக் குறையும்" என்று எழுதியிருந்தார். அதை அடித்துவிடச் சொன்னேன். அத்தொட்டியின் நீரைக் குடிப்பவை 160 வீடுகள். ஒரு மாதத்தில் அங்கே வரும் நோய் சிலவே. அவை இரண்டு கூடினாலும் குறைந்தாலும் தற்செயலாக இருக்கலாம். கை கழுவாமை போன்ற வேறு காரணங்களும் உண்டு. 28 நாட்களில் நம்மால் காட்டக்கூடியது, மாலை நீரும் காப்புடன் வருகிறது என்பது ஒன்றே. அதை மட்டும் வாக்களித்தால் போதும்.

சோதனையில் நடந்தது

முதல் வாரம் நன்றாக இல்லை. இரண்டாம் நாள், கரைசலின் அடியில் தங்கிய சுண்ணாம்பு வண்டலையும் சேர்த்து ஊற்றிவிட்டார்கள். நீர் பால்போல் வந்தது; பெண்கள் குடத்தோடு வந்து நின்றார்கள். மனுவில் சொன்னபடியே அன்று நிறுத்தி எனக்குத் தெரிவித்தார்கள். மறுநாள் முதல், பவுடரைக் கரைத்து அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலேயுள்ள தெளிந்த நீரை மட்டும் இரண்டாவது வாளியில் வடித்து ஊற்றும் வழக்கம் வந்தது. மற்றும் மூன்று நாட்கள் மின்சாரம் வழக்கமான நேரத்தில் வராததால், அவசரத்தில் கரைசல் சேர்க்காமலே மோட்டார் ஓடியது. அதன்பின் கரைசல் வாளியை மோட்டார் சுவிட்சுக்குக் கீழேயே வைத்தார்கள். வாளியைத் தொடாமல் சுவிட்சைத் தொட முடியாது.

முதல் வாரத்தில் மூன்று நாட்கள், இரண்டாம் வாரத்தில் ஆறு, மூன்றிலும் நான்கிலும் ஏழேழு. ஆக 23 நாட்கள் அளவு சரியாக இருந்தது. குறித்த 24க்கு ஒன்று குறைவு. காலனித் தொட்டியில் மாலை நீர் ஏறத்தாழ எல்லா நாளும் குளோரின் இன்றியே இருந்தது.

உறுப்பினர் 24 என்று எழுதிவரவில்லை. 23 என்றே எழுதி, தவறிய ஐந்து நாட்களுக்கும் காரணத்தையும் எழுதிவந்தார். அவற்றில் நான்கு முதல் வாரத்தவை. அவற்றின் காரணங்கள் நீங்கிவிட்டன. மேலும் இரண்டு வாரம் நீட்டிக்கக் கூறினேன். அந்தப் பதினான்கு நாட்களில் பதின்மூன்று சரியாயின. அதன்பின் காலனித் தொட்டிக்கும் அதே முறையை அனுமதிக்க எனக்குத் தயக்கம் இருக்கவில்லை.

எதிர்பாராத ஒரு நன்மையும் கிடைத்தது. 25 கிலோ மூட்டை முன்பு ஏறக்குறைய ஏழு மாதம் கிடந்தது; இப்போது மூன்றரை மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. திறந்த மூட்டையில் பவுடரின் வீரியம் நாளுக்கு நாள் குறையும். பாதியாகக் குறைந்த பவுடரில் 120 கிராம் போட்டாலும், அது 60 கிராம் போட்டதற்கே சமம். ஆகவே செலவு கூடியதாகத் தோன்றினாலும், பழைய மூட்டையில் வீணாகிக்கொண்டிருந்தது இப்போது பயன்படுகிறது.

கவனிக்க வேண்டியவை

இம்முறையைத் தம் ஊரில் மேற்கொள்ள விரும்புவோர் தரைமட்டத் தொட்டி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து நேரே மேலேறும் ஊரில் இவ்வழி உதவாது. அங்கே இயக்குபவரோடு வேறு வழி யோசிக்க வேண்டும். குளோரின் கிருமியைக் கொல்லுமேயன்றி உப்பையோ புளோரைடையோ நீக்காது.

பதிவேட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாள்தோறும் 0.2, 0.2, 0.2 என்று ஒரே எண் வரிசையாக இருந்தால், குழாயைத் திறக்காமலே எழுதியிருக்கிறார்கள் என்று ஐயுற வேண்டும். உண்மையான கணக்கில் எண் ஏறும், இறங்கும், சில நாள் சுழியும் வரும். அவ்வூரின் நோட்டில் முதல் வாரத்தில் நான்கு சுழிகள் இருந்தன. அவற்றைக் கண்டபின்பே மற்ற எண்களை நான் நம்பினேன்.