மூன்றாம் வாரத்துப் பீளை

பிறந்து பதினெட்டு நாள் ஆன குழந்தை. விடியற்காலை பாலுக்கு எழுந்தபோது வலது கண் மட்டும் திறக்கவில்லை. மஞ்சள் பீளை காய்ந்து மேலிமையும் கீழிமையும் ஒட்டிக்கிடந்தன. என் தங்கை மகள் ஈரத் துணியால் துடைத்தாள், கண் திறந்தது. மத்தியானம் மறுபடி பீளை. “சூடு பிடிச்சிருக்கு, ரெண்டு சொட்டுத் தாய்ப்பால் விடு” என்றார் பாட்டி. விட்டும் மறுநாள் காலையில் அதே கதை.

துடைக்கத் துடைக்கப் பீளை வந்ததற்குக் காரணம் கண்ணில் இல்லை, மூக்குப் பக்கம் இருக்கிறது. கண்ணை நனைத்த நீர், மூக்கோரமாக இமை விளிம்பில் இருக்கும் இரண்டு ஊசித் துளைகள் வழியே ஒரு சிறு பைக்குள் இறங்கி, அங்கிருந்து குழாய் வழியே மூக்குக்குள் போகிறது. அழுதால் நமக்கு மூக்கு ஒழுகுவது இதனால்தான். அந்தக் குழாயின் அடிமுனையில் மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. பிறக்கும் சமயத்தில் அது திறந்துகொள்ள வேண்டும். பல குழந்தைகளுக்குத் திறக்கத் தாமதமாகிறது. பையில் தேங்கிய நீரில் கிருமி பெருகி, பீளையாக மேலே வழிகிறது. முதல் சில நாட்களில் கண்ணீர் குறைவாகவே சுரக்கும் என்பதால் அடைப்பு அப்போது தெரிவதில்லை. நீர் கூடும்போதுதான் வெளிப்படுகிறது.

குழந்தைகள் நல மருத்துவர் முதலில் பார்த்தது வெள்ளை விழியை. சிவப்பு இல்லை, இமை வீங்கவில்லை, குழந்தை வெளிச்சத்துக்குக் கண் கூசவில்லை. பிறகு கண்ணின் உள்மூலையில் சுண்டு விரலால் அழுத்தினார். துளை வழியே கொஞ்சம் பீளை மேலே வந்தது. அடைப்பு என்பது அதிலேயே உறுதியானது.

அவர் சொல்லிக்கொடுத்தது ஒரு மசாஜ். இதை 1923-இல் கிரிக்லர் என்ற மருத்துவர் எழுதிவைத்தார், இன்றும் அதுதான் முதல் சிகிச்சை. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். கண்ணின் உள்மூலைக்கும் மூக்கெலும்புக்கும் நடுவில் விரல் நுனியை வைத்து, அழுத்தியபடியே மூக்கோரமாகக் கீழே இறக்க வேண்டும். ஒரு தடவைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளைக்கு மூன்று நான்கு தடவை. பையில் இருக்கும் நீர் கீழ்நோக்கி முட்டி, சவ்வைத் திறக்கப் பார்க்கிறது.

பத்து நாள் கழித்துப் போனபோது பீளை குறையவில்லை. செய்துகாட்டச் சொன்னார். “மூக்கைத் தேய்க்கிறீங்கம்மா. பை அங்க இல்ல” என்று அவள் விரலை மேலே நகர்த்தி வைத்தார். பெரும்பாலோர் தவறுவது இந்த இடத்தில்தான். வருடினால் போதாது, தோல் விரலோடு அமுங்க வேண்டும். சரியான இடத்தில் அழுத்தினால் மூலையில் நீரோ பீளையோ எட்டிப் பார்க்கும். விரல் சரியாக விழுந்ததற்கு அடையாளம் அது.

மசாஜ் முடிந்த பிறகு துடைக்கலாம். கொதிக்கவைத்து ஆறிய நீரில் சுத்தமான பஞ்சை நனைத்துப் பிழிந்து, மூக்குப் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. ஒரு பஞ்சு ஒரு முறைக்குத்தான். இரண்டு கண்ணிலும் பீளை இருந்தால் தனித்தனிப் பஞ்சு. காய்ந்த பொருக்கைப் பிய்க்காமல் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்தால் தானே ஊறிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், கண்மை எதுவும் வேண்டாம். சில மைகளில் ஈயம் இருப்பது வேறு தொல்லை. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். ஆன்டிபயாட்டிக் சொட்டு பீளையைக் குறைக்குமே தவிர அடைப்பைத் திறக்காது. ஸ்டீராய்டு கலந்திருந்தால் கண்ணுக்கே கெடுதல்.

எல்லாப் பீளையும் அடைப்பு அல்ல. பிறந்து முதல் சில நாட்களிலிருந்து நான்கு வாரத்துக்குள் இமை வீங்கி, கண் சிவந்து, சீழ் கொட்டினால் பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றிய கிருமியாக இருக்கலாம். சில கிருமிகள் ஓரிரு நாளில் பார்வையையே பறித்துவிடும். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூக்கோரம் சிவந்து வீங்கிக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான், அங்கே மசாஜ் கூடாது. பிறந்ததுமே உள்மூலைக்குக் கீழே நீலம் பாரித்த கட்டி இருந்தாலும் உடனே காட்ட வேண்டும். அது மூக்குக்குள் நீண்டு மூச்சை அடைக்கக்கூடும். நீர் வழிவதோடு கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்து வெளிச்சத்தில் குழந்தை கண்ணை இறுக மூடினால், அது கண் அழுத்த நோயாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லாவிட்டால் காத்திருக்கலாம். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் அடைப்பு தானே திறந்துவிடுகிறது. திறக்காதவர்களுக்கு, பெரும்பாலும் மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியைக் குழாய்க்குள் விட்டு சவ்வைத் திறப்பார்கள். சில நிமிட வேலை.

எங்கள் குழந்தைக்கு அது தேவைப்படவில்லை. ஐந்தாம் மாதம் கண் காய்ந்தது. ஆறாம் மாதம் சளி பிடித்தபோது ஒரு வாரம் மறுபடி நீர் வடிந்தது. சளியோடு அதுவும் நின்றது.