ஒரு சுற்றுக்கு ஐந்து வோல்ட்

தெருமுனையில் நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரின் பெயர்ப்பலகையைப் பார்த்தால் பல இடங்களில் 100 கே.வி.ஏ., 11000/433 வோல்ட் என்று பொறித்திருக்கும். உயரமான மூன்று புஷிங்குகள் வழியாக 11,000 வோல்ட் உள்ளே போகிறது. இது எச்.டி. பக்கம். குட்டையான நான்கு புஷிங்குகள் வழியாக வீடுகளுக்கான மின்சாரம் வெளியே வருகிறது. இது எல்.டி. பக்கம். இரண்டு பக்கத்துக்கும் இடையே கம்பி இணைப்பு கிடையாது. மெகர் வைத்துச் சோதித்தால் நல்ல டிரான்ஸ்ஃபார்மரில் அந்த இரண்டுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான மெகாஓம் காட்டும். அப்படியானால் மின்சாரம் எப்படித் தாண்டி வருகிறது? டிப்ளமோ மாணவர்கள் பலர் சூத்திரத்தை மனப்பாடம் செய்துவிட்டு இந்தக் கேள்வியைக் கடந்துவிடுகிறார்கள். நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மைக்கேல் ஃபாரடே 1831 ஆகஸ்ட் 29 அன்று லண்டனில் ஓர் இரும்பு வளையத்தின் இரு பக்கங்களிலும் தனித்தனியாகக் கம்பி சுற்றிச் சோதித்தார். ஒரு சுருளில் பேட்டரியை இணைத்த கணத்தில் மறு சுருளோடு சேர்ந்த காந்த ஊசி அசைந்தது. பேட்டரி இணைப்பிலேயே இருந்தபோது ஊசி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது எதிர்த்திசையில் அசைந்தது. காந்தப் பாயம் இருந்தால் மட்டும் போதாது, அது மாறிக்கொண்டே இருந்தால்தான் வோல்ட்டேஜ் பிறக்கும் என்பதற்கு அந்த ஊசியே சாட்சி. நம் சப்ளை 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. என்பதால் கோரில் பாயம் விநாடிக்கு 50 முறை ஏறி, இறங்கி, திசை மாறி வருகிறது. அதனால் வோல்ட்டேஜும் இடைவிடாமல் பிறக்கிறது.

இரண்டு சுருளுக்கும் ஒரே பாயம்

பிரைமரியும் செகண்டரியும் ஒரே இரும்புக் கோரின் மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. கோரில் ஓடும் பாயம் ஏறக்குறைய முழுவதுமாக இரண்டையும் ஊடுருவிப் போகிறது. ஆகவே எந்தச் சுருளில் இருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வோல்ட்டேஜ்தான் உண்டாகும். டிரான்ஸ்ஃபார்மரின் அடிப்படை இதுவே.

நம் 100 கே.வி.ஏ. டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சுற்றுக்கு 5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு டிரான்ஸ்ஃபார்மருக்கு வடிவமைப்பாளர்கள் எடுக்கும் மதிப்பு இதை ஒட்டியே இருக்கும். எச்.டி. பக்கம் டெல்டா இணைப்பு என்பதால் ஒவ்வொரு சுருளுக்கும் முழு 11,000 வோல்ட் கிடைக்கிறது. அதற்கு 2,200 சுற்று வேண்டும். எல்.டி. பக்கம் ஸ்டார் இணைப்பு. இரண்டு ஃபேஸுக்கு இடையே 433 வோல்ட் என்றால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 250 வோல்ட். அதற்கு 50 சுற்று போதும். லோடு ஏறும்போது சுருள்களுக்குள்ளேயே கொஞ்சம் வோல்ட்டேஜ் விழும் என்பதால்தான் 240-க்குப் பதில் 250 என்று கூட்டி வைத்திருக்கிறார்கள்.

2,200-ஐ 50-ஆல் வகுத்தால் 44. கொடுத்த வோல்ட்டேஜை 44-ஆல் வகுத்துத் தருவது மட்டுமே இந்த டிரான்ஸ்ஃபார்மரின் வேலை.

பாடத்தில் வரும் சூத்திரமும் இதையே சொல்கிறது.

E = 4.44 × f × Φ × N

ஒரு சுற்றுக்கு 5 வோல்ட் வர Φ எவ்வளவு வேண்டும் என்று போட்டால் 0.0225 வெபர் வருகிறது. நாம் கொடுக்கும் வோல்ட்டேஜும் ஃப்ரீக்வன்சியும் மாறாதவரை பாயமும் அநேகமாக அதே அளவில் நிற்கும். வீடுகளில் லோடு ஏறினாலும் இறங்கினாலும் அது பெரிதாக மாறாது.

லோடு ஏறுவது பிரைமரிக்கு எப்படித் தெரிகிறது?

செகண்டரியில் யாரும் மின்சாரம் எடுக்காதபோது பிரைமரியில் ஓடும் கரண்ட் மிகக் குறைவு. கோரைக் காந்தமாக்கவும் அதன் இழப்பை ஈடுகட்டவும் வேண்டிய கரண்ட் மட்டும் ஓடுகிறது. பிரைமரிச் சுருளிலும் ஒரு சுற்றுக்கு 5 வோல்ட் வீதம் வோல்ட்டேஜ் பிறந்து, வரும் 11,000 வோல்ட்டை எதிர்த்து நிற்பதே காரணம்.

மாலையில் வீடுகளில் விளக்கும் மோட்டாரும் ஓடத் தொடங்கியதும் செகண்டரியில் கரண்ட் பாய்கிறது. அந்தக் கரண்ட் உண்டாக்கும் காந்தவிசை கோரின் பாயத்தைக் குறைக்கப் பார்க்கிறது. பாயம் இம்மியளவு குறைந்தாலும் பிரைமரியில் எதிர்த்து நிற்கும் வோல்ட்டேஜும் குறையும். உடனே லைனிலிருந்து கூடுதல் கரண்ட் உள்ளே வந்து பாயத்தைப் பழைய அளவுக்கு நிமிர்த்துகிறது. ஆம்பியரையும் சுற்றையும் பெருக்கிய தொகை இரண்டு பக்கமும் சமமாகும்வரை இது நடக்கும்.

முழு லோடில் எல்.டி. சுருளில் 133.3 ஆம்பியர். 50 சுற்றால் பெருக்கினால் சுமார் 6,670. எச்.டி. சுருளில் 3.03 ஆம்பியர். 2,200 சுற்றால் பெருக்கினாலும் அதே தொகைதான். வோல்ட்டேஜ் 44 மடங்கு குறைந்த இடத்தில் கரண்ட் 44 மடங்கு கூடியிருக்கிறது. எல்.டி. சுருளைத் தடித்த பட்டையிலும் எச்.டி. சுருளை மெல்லிய கம்பியிலும் சுற்றுவது இதனால்தான்.

ஒரே ஒரு சுற்று பழுதானால்

எச்.டி. சுருளில் அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு நடுவே இன்சுலேஷன் கருகி, ஒரு சுற்று ஷார்ட் ஆகிவிட்டது என்று வைப்போம். அந்தச் சுற்றில் 5 வோல்ட் பிறக்கிறது. தடுக்க இருப்பதோ முக்கால் மீட்டர் கம்பியின் ரெசிஸ்டன்ஸ், ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு ஓம். 3 ஆம்பியருக்காகப் போட்ட கம்பியில் 500 ஆம்பியர் வரை சுழலும்.

இதை ஈடுகட்ட பிரைமரி கூடுதலாக இழுப்பது 500-ஐ 2,200-ஆல் வகுத்த அளவு, அதாவது கால் ஆம்பியருக்கும் குறைவு. எச்.டி. ஃப்யூஸுக்கு இது உறைக்காது. உள்ளே ஆயில் கொதித்து, பழுது பக்கத்துச் சுற்றுகளுக்குப் பரவிய பிறகுதான் ஃப்யூஸ் போகும். ரேஷியோ சோதனையும் ஏமாற்றக்கூடும். எச்.டி. பக்கம் 415 வோல்ட் கொடுத்தால் எல்.டி.யில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 9.4 வோல்ட் வர வேண்டும். 2,200-இல் ஒரு சுற்று போனால் அந்த அளவில் வரும் மாற்றம் மீட்டரில் கண்ணுக்குப் படாது. அதே சோதனையில் ஒவ்வொரு ஃபேஸும் இழுக்கும் காந்தமாக்கும் கரண்ட்டை மில்லியம்மீட்டரில் பாருங்கள். நல்ல நிலையில் நடுக்காலின் கரண்ட் மற்ற இரண்டைவிடச் சற்றுக் குறைந்திருக்கும். ஒரு ஃபேஸ் மட்டும் பல மடங்கு இழுத்தால் பழுது அங்கேதான்.

திருப்பிக் கொடுத்தால் ஏற்றும்

ஸ்டெப் டவுன், ஸ்டெப் அப் என்று இரண்டு வகைக் கருவிகள் இருப்பதாக மாணவர்கள் நினைப்பதுண்டு. சப்ளை எந்தச் சுருளுக்கு வருகிறதோ அதுவே பிரைமரி. இதே டிரான்ஸ்ஃபார்மரின் எல்.டி. பக்கம் ஒரு ஃபேஸுக்கு 230 வோல்ட் கொடுத்தால், எச்.டி. பக்கம் 44 மடங்காகி 10,120 வோல்ட் வரும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு ஜெனரேட்டரை வயரிங்கோடு இணைப்பது குற்றமாவது இங்கேதான். பெரும்பாலும் அக்கம்பக்கத்து லோடு தாங்காமல் ஜெனரேட்டர் நின்றுவிடும். அந்த லோடு குறைவாக இருக்கும் நேரத்தில், ஆஃப் ஆகிவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் கைக்கு 10,000 வோல்ட் வந்து சேரும். ஆகவே ஏ.பி. சுவிட்சைத் திறந்ததோடு வேலை முடிவதில்லை. சப்ளை இல்லை என்று டெஸ்ட் செய்து, எச்.டி., எல்.டி. இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்டிய பிறகே டிரான்ஸ்ஃபார்மரைத் தொட வேண்டும்.