வேலையை விடும்போது கைக்கு வரும் இரண்டு கடிதங்கள்

ஒரு தனியார் நிறுவனத்தில் வேலையை விட்டு வெளியேறுபவரின் கைக்கு வழக்கமாக இரண்டு தாள்கள் வரும். ஒன்று ரிலீவிங் லெட்டர் எனப்படும் பணிவிடுவிப்புக் கடிதம். மற்றொன்று அனுபவச் சான்றிதழ். சிறிய நிறுவனங்களில் இரண்டையும் ஒரே தாளில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் இரண்டும் இருவேறு கேள்விகளுக்குப் பதில் சொல்பவை. இவரை நீங்கள் முறையாக விடுவித்துவிட்டீர்களா என்று புதிய நிறுவனம் கேட்பதற்கு முதல் கடிதம் பதில். இவர் உங்களிடம் எப்போதிலிருந்து எப்போது வரை, என்ன வேலை பார்த்தார் என்ற கேள்விக்கு இரண்டாவது பதில். முதலாவது அடுத்த வேலையில் சேரும் நாளோடு பெரும்பாலும் தன் பணியை முடித்துக்கொள்கிறது. இரண்டாவது இருபது ஆண்டுகள் கழித்தும் கேட்கப்படும்.

பணிவிடுவிப்புக் கடிதம் சிறியதாக இருப்பதே நல்லது. எந்தத் தேதியிட்ட ராஜினாமா, அது ஏற்கப்பட்டது, எந்த நாளின் அலுவல் நேர முடிவில் ஊழியர் விடுவிக்கப்பட்டார், அப்போது அவர் வகித்த பதவி எது, ஊழியர் எண் என்ன என்பவை போதும். கணக்குத் தீர்ப்பு முடிந்திருந்தால் அதைச் சொல்லலாம். முடியாத நிலையில் ‘பாக்கி எதுவும் இல்லை’ என்று எழுதுவது தவறு. கடைசி மாதச் சம்பளமும் விடுப்புக்கான பணமும் இன்னும் வர வேண்டியிருக்கும்போது அந்த வரியுள்ள தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்பவர், பிறகு அந்தப் பணத்துக்காக அதே தாளோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

அனுபவச் சான்றிதழில் பெயர், பணியில் சேர்ந்த நாள், கடைசி வேலை நாள், வகித்த பதவிகள், பார்த்த வேலையைப் பற்றி இரண்டு மூன்று வரிகள், முழுநேரமா பகுதிநேரமா என்பது ஆகியவை இடம்பெறும். இரண்டு கடிதங்களும் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில், தேதியும் கடித எண்ணும் இட்டு, கையெழுத்திடுபவரின் பெயரும் பதவியும் தெளிவாகத் தெரியும்படி இருக்க வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் கீழ்ப் பதிவான நிறுவனம் தன் லெட்டர்ஹெட்டில் பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். எனும் நிறுவன அடையாள எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவற்றை அச்சிட்டாக வேண்டும். போலிச் சான்றிதழ்கள் பல முதலில் மாட்டுவது இங்கேதான். தனியுரிமைக் கடைகளுக்கும் கூட்டு நிறுவனங்களுக்கும் சி.ஐ.என். கிடையாது என்பதால், அது இல்லை என்பதற்காக மட்டும் ஒரு சான்றிதழைப் போலி என்று தள்ளிவிடவும் கூடாது.

இந்தக் கடிதங்களில் மிகுதியாகப் பிழை நேர்வது தேதிகளிலும் பதவிப் பெயரிலும்தான். எப்படி நேர்கிறது என்பதைக் கோவையில் உள்ள ஒரு பம்ப் தயாரிப்பு நிறுவனத்தை உதாரணமாக வைத்துப் பார்க்கலாம். அங்கே ஒரு பெண் 2021 ஜூன் 14 அன்று, தொழில் பழகுநர் சட்டத்தின் கீழ், ஓராண்டு பட்டதாரிப் பழகுநராகச் சேர்கிறார். பழகுநர் காலம் முடிந்த மறுநாள், 2022 ஜூன் 14 அன்று, கொள்முதல் அலுவலராக நியமிக்கப்படுகிறார். 2024 ஏப்ரல் 1 முதல் மூத்த கொள்முதல் அலுவலர். 2025 மார்ச் 3 அன்று ராஜினாமா கொடுக்கிறார். நோட்டீஸ் காலம் 60 நாள். மறுநாளிலிருந்து எண்ணினால் அது மே 2 அன்று முடிகிறது. நிறுவனம் ஒரு வாரம் முன்னதாகவே, ஏப்ரல் 25 அன்று, அவரை விட ஒப்புக்கொள்கிறது.

எச்.ஆர். பிரிவில் அவசரமாக அடிக்கப்பட்ட சான்றிதழில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஜூன் 2021 முதல் மே 2025 வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், எங்களிடம் மூத்த கொள்முதல் அலுவலராகப் பணியாற்றினார்.’ படிப்பதற்கு நன்றாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஒரு வரியில் மூன்று பிழைகள்.

முதலாவது, கடைசி நாள். நோட்டீஸ் முடிந்திருக்க வேண்டிய நாளை எழுதியிருக்கிறார்கள். அவர் வேலையை விட்ட நாள் ஏப்ரல் 25. மே முதல் வாரத்தில் அவர் புதிய நிறுவனத்தில் சேர்ந்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்தவர் என்ற சந்தேகம் தாளிலேயே எழுந்துவிடும். ‘ஏறத்தாழ’ என்ற சொல் சான்றிதழில் வரவே கூடாது. நாள், மாதம், ஆண்டு மூன்றும் இருந்தால் கணக்கைப் படிப்பவரே போட்டுக்கொள்வார்.

இரண்டாவது, பழகுநர் காலம். சட்டத்தின் பார்வையில் பழகுநர் பயிற்சி பெறுபவர், ஊழியர் அல்ல. அதனால் அந்த ஓராண்டுக்கு அவர் பெயரில் பி.எஃப். பிடிக்கப்படவில்லை. அவருடைய யு.ஏ.என். கணக்கில் பணியில் சேர்ந்த நாள் 2022 ஜூன் 14 என்றுதான் இருக்கும். இன்று ஆளை எடுக்கும் நிறுவனங்கள் பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். சேவை வரலாற்றையும் சான்றிதழையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கின்றன. ஒன்றில் 2021, மற்றொன்றில் 2022. அந்தப் பெண் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனாலும் அனுபவத்தை ஊதிக் காட்டியவர் என்ற பெயர் அவருக்கு வந்துவிடும்.

மூன்றாவது, பதவி. கடைசிப் பதவியை மட்டும் எழுதி முழுக் காலத்தையும் அதன் முன்னால் வைத்தால், சேர்ந்த நாளிலிருந்தே அவர் மூத்த அலுவலர் என்று ஆகிறது. உண்மையில் அந்தப் பதவியில் அவர் இருந்தது ஓராண்டும் சில நாட்களும்தான். நேர்காணலில் அவரே அதை மறுத்துச் சொல்ல நேரும்.

சரியான வாசகம் இப்படி அமையும்: ‘2021 ஜூன் 14 முதல் 2022 ஜூன் 13 வரை பட்டதாரிப் பழகுநராகப் பயிற்சி பெற்றார். 2022 ஜூன் 14 முதல் 2024 மார்ச் 31 வரை கொள்முதல் அலுவலராகவும், 2024 ஏப்ரல் 1 முதல் 2025 ஏப்ரல் 25 வரை மூத்த கொள்முதல் அலுவலராகவும் முழுநேரம் பணியாற்றினார். வார்ப்பு உதிரிகளுக்கு விலைப்புள்ளி பெறுதல், சப்ளையர்களை மதிப்பிடுதல், கொள்முதல் ஆணை வழங்குதல் ஆகியவை அவருடைய பொறுப்புகள்.’ பணிவிடுவிப்புக் கடிதத்தில் ஒரு வரி கூடுதலாக வேண்டும்: நோட்டீஸ் காலத்தின் மீதி நாட்கள் நிறுவனத்தின் சம்மதத்தோடு தள்ளுபடி செய்யப்பட்டன. ராஜினாமா தேதியும் விடுவித்த தேதியும் அதே கடிதத்தில் இருப்பதால், இடைவெளியை எண்ணிப் பார்ப்பவருக்கு ஏழு நாள் குறைவது தெரிந்துவிடும். அந்த வரி இல்லாவிட்டால், சொல்லாமல் கிளம்பியவர் போலத் தோன்றும். மீதி நாட்களுக்குச் சம்பளம் பிடித்திருந்தாலும் அந்தத் தொகையைக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. அது கணக்குத் தீர்ப்புத் தாளுக்கு உரியது.

எழுதாமல் விட வேண்டியவற்றில் முதல் இடம் வெளியேறும் காரணத்துக்கு. ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்ற வழக்கமான சொல்லில் பெரிய தீங்கு இல்லை. ஆனால் அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம். ‘பிரசவத்துக்குப் பின் வேலைக்குத் திரும்ப இயலாததால்’, ‘உடல்நலம் குன்றியதால்’ என்று அக்கறையோடு எழுதப்படும் வரிகள்கூட அடுத்த நேர்காணலில் அவருக்கு எதிராக நிற்கும். எத்தனை நாள் விடுப்பு எடுத்தார், எத்தனை முறை எச்சரிக்கைக் கடிதம் பெற்றார், மேலாளரோடு என்ன பிணக்கு என்பவையும் அப்படித்தான். அவை நிறுவனத்தின் கோப்பில் இருக்க வேண்டியவை.

அடுத்தது தனிப்பட்ட விவரங்கள். ஆதார் எண், பான் எண், வங்கிக் கணக்கு, வீட்டு முகவரி, திருமண நிலை, மதம், சாதி ஆகியவற்றில் எதுவும் அனுபவத்தை நிரூபிக்காது. சான்றிதழ் பல கைகளுக்குப் போகும் தாள். வேலைவாய்ப்பு முகவர், சரிபார்ப்பு நிறுவனம், வெளிநாட்டு அலுவலகம் என்று அதன் நகல் எங்கெங்கோ தங்கிவிடும். பெயர் ஒத்தவர்களிடையே குழப்பம் வராமலிருக்க ஊழியர் எண்ணே போதும்.

சம்பளமும் பொதுவாக வேண்டாம். புதிய நிறுவனத்துக்குச் சம்பள விவரம் தேவையென்றால் சம்பளச் சீட்டும் படிவம் 16-உம் இருக்கின்றன. ஒரு விதிவிலக்கு உண்டு. கனடாவுக்கு எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் குடியேற விண்ணப்பிப்பவரிடம் கேட்கப்படும் கடிதத்தில் பதவி, பொறுப்புகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை, ஆண்டுச் சம்பளம், படிகள் எல்லாம் இருந்தாக வேண்டும். அதை ஊழியர் கேட்டபின் தனிக் கடிதமாகத் தருவதே சரி. அதற்காக எல்லாருடைய சான்றிதழிலும் சம்பளத்தை அச்சடிக்கத் தேவையில்லை.

புகழுரை பற்றிக் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டும். ‘கடின உழைப்பாளி, நேர்மையானவர், நிறுவனத்துக்குப் பெரும் சொத்து’ என்ற வாசகம் எல்லாருக்கும் ஒரே அச்சில் வரும்போது படிப்பவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஒருவருக்கு எழுதி மற்றொருவருக்கு விட்டால், விடுபட்டதே குறையாகப் படிக்கப்படும். பணமோசடிக்காக வெளியேற்றப்பட்டவருக்குப் பழைய மாதிரியை நகலெடுத்து ‘நேர்மையானவர்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அதை நம்பி ஏமாந்த இன்னொரு நிறுவனத்துக்குப் பதில் சொல்லும் நிலை வரும். மாறாக, நிரூபிக்கப்படாத குற்றச்சாட்டை எழுதினால் அவதூறு வழக்குக்கு இடமாகும். இரண்டுக்கும் ஒரே வழி, சான்றிதழை உண்மைத் தகவலோடு நிறுத்திக்கொள்வது. பாராட்ட விரும்பும் மேலாளர் தன் பெயரில் தனியாகப் பரிந்துரைக் கடிதம் எழுதட்டும்.

பணிநீக்கம் செய்யப்பட்டவரும் வேலை பார்த்தவர்தான். அவருக்கு ‘ராஜினாமா ஏற்கப்பட்டது’ என்ற கடிதம் தர முடியாது. தந்தால் அது பொய். ஆனால் சேர்ந்த நாள், வெளியேறிய நாள், பதவி ஆகியவற்றைக் கொண்ட சான்றிதழை மறுப்பதற்கு நியாயம் இல்லை. நிலையாணைகள் சட்டம் 1946-இன் கீழ் வகுக்கப்பட்ட மத்திய மாதிரி நிலையாணைகளே, பணியிலிருந்து நீக்கப்படும்போதும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சேவைச் சான்றிதழ் உண்டு என்று வைத்திருந்தன. பாக்கிப் பணத்தை வசூலிக்கவோ, போட்டி நிறுவனத்தில் சேராமல் தடுக்கவோ சான்றிதழைப் பிடித்துவைப்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. ஒருவர் உழைத்த காலத்தின் பதிவை அவருக்கு எதிரான பிணையாக வைப்பது அநியாயம். பாக்கி இருந்தால் அதைக் கேட்க வேறு வழிகள் உள்ளன.

கடைசியாக, கடிதம் சரியாக இருந்தாலும் பி.எஃப். பதிவு தவறாக இருக்கலாம். சம்பளப் பிரிவு மாதக் கடைசியை வைத்து ஏப்ரல் 30 என்று வெளியேறிய நாளைப் பதிந்துவிடும், எச்.ஆர். கடிதத்தில் ஏப்ரல் 25 இருக்கும். நிறுவனம் அந்த நாளைப் பதியாமலே விட்டால், கடைசிச் சந்தாவுக்கு இரண்டு மாதம் கழித்து உறுப்பினரே பதிந்துகொள்ளலாம். தவறாகப் பதிந்ததைத் திருத்துவதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே வேலையை விடுபவர் கடைசி நாளன்று நியமனக் கடிதம், பதவி உயர்வுக் கடிதம், யு.ஏ.என். சேவை வரலாறு மூன்றையும் எடுத்து வைத்து, கையில் வாங்கிய தாள்களை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். பிழை இருந்தால் பேனாவால் அடித்துத் திருத்தியதை ஏற்காமல், புதிதாக அச்சடித்துக் கையெழுத்திட்ட கடிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.