ஷிப்ட் முடிந்த பிறகும் டாக்டரைப் பார்க்கலாம்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஒரு ஷிப்ட் என்றால் பெரும்பாலும் காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்தரை வரை. ஷிப்ட் கணக்கிலோ பீஸ் ரேட்டிலோ சம்பளம் வாங்குகிறவர் காலையில் ஓ.பி. வரிசையில் நின்றால் அன்றைய கூலி போய்விடும். அதனால்தான் பல வீடுகளில் சர்க்கரையும் பிரஷரும் பார்க்கப்படாமலே தள்ளிப்போகின்றன.

இவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. தமிழக நகரங்களில் அரசு தொடங்கியிருக்கும் நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் காலை 8 முதல் 12 வரையும், மாலை 4 முதல் 8 வரையும் இயங்குகின்றன. மொத்தம் 708 மையங்கள் என்பது திட்டம். முதல் 500 மையங்கள் 2023 ஜூன் மாதம் திறக்கப்பட்டன. சின்ன இடம்தான். ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். ஆனால் வேலை விட்டு வரும் வழியில் நுழைந்து டாக்டரைப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடும் ஓர் ஓவர்லாக் டெய்லர் அக்கா ஆறு மணிக்கு அங்கே போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பஸ் விட்டு இறங்கி, வேக நடையில் வந்து, வழியில் ஒரு டீயும் குடித்துவிட்டு உடனே கையை நீட்டினால் பிரஷர் உள்ளதைவிடக் கூடுதலாகவே காட்டும். டீ, காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காரக் கூடாது. நாற்காலியில் முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, பேசாமல் ஐந்து நிமிடம் இருந்த பிறகு எடுக்கும் அளவுதான் நம்பத்தக்கது. கூட்டமாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். “சிஸ்டர், இப்போதான் நடந்து வந்தேன், கொஞ்சம் உட்கார்ந்துட்டுக் காட்டுறேன்” என்று சொல்லலாம். ஒரு மாலை 150/90 வந்துவிட்டது என்பதற்காகப் பயந்துவிடவும் வேண்டாம். வேறொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் டாக்டர் மாத்திரையைக் கூட்டுவதா என்று முடிவெடுப்பார்.

சர்க்கரைக்கு மாலையில் ஒரு குறை உண்டு. வெறும் வயிற்றுச் சோதனைக்கு எட்டு மணி நேரமாவது சாப்பிடாமல் இருக்க வேண்டும். பகல் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைப்பவர் மாலை வரை பட்டினி கிடப்பது ஆபத்து. மாத்திரை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சட்டென்று இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, மயக்கமே வந்துவிடலாம். மையம் காலை எட்டுக்கே திறந்துவிடுவதால், பக்கத்தில் குடியிருப்பவர் வேலைக்குப் போகும் முன் வெறும் வயிற்று அளவைக் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு மாத்திரையும் போட்டுக்கொண்டு கம்பெனிக்குப் போகலாம். டாக்டரிடம் பேசுவதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனைக்கோ பட்டினியே தேவையில்லை. எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். அதை எங்கே எடுப்பது என்று மையத்தில் கேளுங்கள். போகும்போது சாப்பிடுகிற மாத்திரை அட்டைகளையும் பழைய சீட்டுகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். “வெள்ளை மாத்திரை, சின்னது” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.

குழந்தைகளின் காய்ச்சலுக்கு மாலை நேரம் பெரிய உதவி. உடம்பின் சூடு இயல்பாகவே சாயங்காலத்தில் சற்று ஏறும்; அப்பா அம்மா வீடு திரும்பும் நேரமும் அதுதான். வீட்டில் பாராசிட்டமால் சிரப் கொடுத்திருந்தால் அந்தப் பாட்டிலையே எடுத்துப் போங்கள். ஒரே மருந்து 5 மில்லியில் 125 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என இரண்டு வீரியத்தில் கிடைக்கிறது. குழந்தையின் எடைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை ஒரு வேளைக்குக் கொடுப்பது வழக்கம். பத்துக் கிலோ குழந்தைக்கு முதல் பாட்டிலில் 6 மில்லி, இரண்டாவதில் 3 மில்லிதான். பாட்டில் மாறியதைக் கவனிக்காமல் அதே 6 மில்லியை ஊற்றினால் மருந்து இரண்டு மடங்காகிவிடும். எத்தனை மணிக்கு, எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால், அடுத்த வேளை எப்போது என்று டாக்டர் சரியாகச் சொல்லிவிடுவார்.

சில விஷயங்களை மட்டும் மாலை வரட்டும் என்று வைத்திருக்கக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை தளர்வது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, வலிப்பு, பாம்புக்கடி என்றால் பகலோ இரவோ உடனே 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலும் சிரப் கொடுத்துப் பார்க்காமல், குழந்தை மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுங்கள்.