நூலக மேசை – 7: ராமேஸ்வரம் பற்றிக் கேட்டவர்

நூலகத்துக்கு வருபவர் முதலில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் அவருடைய உண்மையான கேள்வி அல்ல. நூலகத்தில் இப்படித்தான் கேட்க வேண்டும், இது இருந்தால்தான் தருவார்கள் என்று அவரே ஊகித்து, தன் தேவையைச் சுருக்கிக்கொண்டு வருகிறார். அமெரிக்க நூலகவியலாளர் ராபர்ட் டெய்லர் 1968-இல் எழுதிய கட்டுரையில் இதைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டினார். மனதில் இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு குறை முதலில் எழுகிறது. மேசைக்கு வந்து சேர்வதற்குள் அது நூலகத்துக்குத் தோதாக வெட்டப்பட்ட கேள்வியாகிவிடுகிறது. வெட்டுப்பட்டதைத் திரும்ப ஒட்டும் உரையாடலைத்தான் நூலகர்கள் ‘ரெஃபரன்ஸ் இன்டர்வியூ’ என்கிறார்கள்.

ஒரு மாவட்ட மைய நூலகத்தில் இப்படி நடப்பதாக வைத்துக்கொள்வோம். ஐம்பதைத் தாண்டிய ஒருவர் தயங்கியபடி மேசைக்கு வருகிறார்.

“ராமேஸ்வரம் பத்திப் புத்தகம் இருக்குங்களா?”

கணினியில் ‘ராமேஸ்வரம்’ என்று தட்டி, “மூணாவது அடுக்கு, அந்தப் பக்கம்” என்று கை காட்டுவது சுலபம். அவரும் போய், கோயில் தலபுராணத்தைப் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீடு திரும்புவார். அவர் வெறுங்கையோடு போனது நூலகருக்குத் தெரியவே தெரியாது. இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் இதுதான் மோசமானது என்பேன்.

நல்ல நூலகர் கையில் இருக்கும் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு நிமிர்கிறார். “இருக்குங்க ஐயா, உட்காருங்க. ராமேஸ்வரத்துல எதைப் பத்தித் தெரியணும்?”

“அந்தப் பெரிய புயல் பத்தி.”

கேள்வி குறுகிவிட்டது. தனுஷ்கோடி அழிந்த கதையைச் சொல்லும் புத்தகம் ஒன்றை எடுத்துக் கொடுக்கப் பலருக்கும் இங்கே கை நீளும். ஆனால் இன்னொரு கேள்வி பாக்கி இருக்கிறது.

“புயலைப் பத்தி என்ன கிடைச்சா உங்களுக்கு உதவியா இருக்கும்?”

அவர் சற்று நேரம் பேசவில்லை. நூலகரும் குறுக்கிடவில்லை. பிறகு வருகிறது: “எங்க தாத்தா அதுலதான் போயிட்டாரு. 22-ஆம் தேதிங்கிறாரு சித்தப்பா, அத்தை 23-ங்கிறாங்க. திதி கொடுக்கணும், அதான்.”

ஆக, அவருக்கு வேண்டியது ஒரு தேதி. அந்தத் தேதிக்குரிய திதி. ராமேஸ்வரம் பற்றிய புத்தகம் எத்தனை இருந்தாலும் பலன் இல்லை.

“ஏன் கேக்குறீங்க?” என்று நூலகர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அது விசாரணை போல ஒலிக்கும், ஆள் சுருங்கிவிடுவார். எது உதவியாக இருக்கும், இதுவரை என்ன தெரியும், எங்கே தடைபட்டு நிற்கிறது என்று கேட்டால், எவ்வளவு சொல்வது என்பது அவர் கையில் இருக்கும். பிரெண்டா டெர்வினும் பாட்ரிசியா டியூட்னியும் 1986-இல் இத்தகைய கேள்விகளைத்தான் நூலகர்களுக்குப் பரிந்துரைத்தார்கள்.

தேவை தெரிந்தபின், ஓரிரு சொல்லில் பதில் வரும் குறுகிய கேள்விகள் பயன்படும். “ரயில்ல போனாரா, ஊர்ல இருந்தாரா?” ரயில்தான் என்கிறார். பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன அந்தப் பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது 1964 டிசம்பர் 22 இரவு, நள்ளிரவை ஒட்டி. சித்தப்பாவும் அத்தையும் இரண்டு தேதி சொல்வதற்குக் காரணம் இங்கேயே இருக்கிறது.

“அப்ப, ரயில் போன நேரமும், அந்த நேரத்துக்கான திதியும் வேணும், சரிங்களா?” என்று நூலகர் திருப்பிச் சொல்லி உறுதி செய்கிறார். இந்த ஒரு வரியைத் தவிர்த்தால் அரை மணி நேரத் தேடல் வீணாகலாம்.

இப்போது போக வேண்டிய இடங்கள் வேறு. முதலில் டிசம்பர் கடைசி வாரத்துப் பழைய நாளிதழ் கட்டுகள். தகவல் தொடர்பு அறுந்துபோயிருந்ததால், ஒரே நாள் இதழோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த நாள்களையும் பார்க்க வேண்டும். அடுத்து, குரோதி ஆண்டு மார்கழிக்கான பஞ்சாங்கம். அது கிடைக்காவிட்டால், எல்.டி. சாமிக்கண்ணு பிள்ளை 1911-இல் வெளியிட்ட காலக்கணித நூலில் கி.பி. 2000 வரை திதி கணக்கிட வழி இருக்கிறது. புயல் அடித்தது தேய்பிறைக் காலம் என்பதில் ஐயமில்லை. எந்தத் திதி என்பதற்கு மணிக்கணக்குப் பார்க்க வேண்டும். எந்தத் திதியில் கொடுப்பது என்று நூலகர் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆதாரத்தை எடுத்துத் தருவதோடு அவர் வேலை முடிகிறது. மீதி அந்தக் குடும்பத்துக்கும் அவர்கள் வீட்டுப் புரோகிதருக்கும் உரியது.

நாளிதழ்க் கட்டை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. கொஞ்ச நேரம் கழித்து வந்து, “தேடினது கிடைச்சுதுங்களா?” என்று கேட்க வேண்டும். முதல் முயற்சி தவறிப்போயிருந்தால் அதைப் பிடிக்கக் கிடைக்கும் கடைசி வாய்ப்பு அதுதான். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கச் சொல்கிறது. மேசையில் செலவான ஐந்து நிமிடம் அந்த விதிக்கு எதிரானதல்ல.

அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது புத்தகத்தின் பெயரை யோசித்துக்கொண்டு போகாதீர்கள். எதற்காகத் தேடுகிறீர்கள், இதுவரை என்ன தெரியும், எப்போதைக்குள் வேண்டும் என்று மூன்றையும் மேசையில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.